தருமபுரியில் பதிமூன்றரை லட்சம் பேர் காணாமல் போனது எப்படி? முரண்படும் புள்ளிவிவரத்தைச் சரிபார்க்கும் வழி

திட்ட அறிக்கை எழுதித் தருவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன்பு, நல்லம்பள்ளிப் பக்கத்து ஊர்களில் படிப்பகம் தொடங்க விரும்பிய ஒரு சிறிய தொண்டு அமைப்புக்காக அறிக்கை தயாரித்தேன். மாவட்ட அறிமுகத்துக்கு இரண்டு வரிகள் வேண்டியிருந்தன. இணையத்தில் தேடி, 2001-ல் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 28,56,300 என்றும், 2011-ல் 15,06,843 என்றும் எடுத்து எழுதினேன். எண் பாதியாகிவிட்டதே என்று தோன்றியது. அதற்கும் நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன்: ‘பிழைப்பு தேடி மக்கள் பெருமளவில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்றுவிட்டனர்.’ படிப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அறிக்கை திரும்பி வந்தது. நிதி தருவோரின் அலுவலகத்தில் யாரோ ஒருவர் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: “பதிமூன்றரை லட்சம் பேர் பத்தே ஆண்டில் பஸ் ஏறிவிட்டார்களா?”

இரண்டு எண்களும் உண்மையான எண்கள். இரண்டும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்தவை. அப்படியும் நான் எழுதிய வாக்கியம் பொய். அன்றிலிருந்து எண் முரண்படும் ஒவ்வொரு முறையும் எங்கே இடிக்கிறது, ஏன் இடிக்கிறது, எங்கே போய்ச் சரிபார்த்தேன் என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். கீழே இருப்பது அந்த நோட்டிலிருந்து. மக்கள்தொகை, எழுத்தறிவு இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும்.

அறிகுறி: எண் திடீரென்று பாதியாகிறது

மக்கள்தொகை பத்தாண்டில் பாதியாவதற்குப் போரோ பெரும்பஞ்சமோ வந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் வரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது மக்களை அல்ல, எல்லையை. பழைய தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9-ல். 2001 கணக்கெடுப்பில் ‘தருமபுரி’ என்றால் ஓசூரும் ஊத்தங்கரையும் சேர்ந்த தருமபுரி. 2011-ல் அதே பெயர், ஆனால் நிலம் வேறு.

இதைச் சரிசெய்ய மனக்கணக்கு போட வேண்டாம். கணக்கெடுப்புத் துறையே அதைச் செய்து வைத்திருக்கிறது. 1901 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகை எப்படி மாறியது என்று காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. 2011 தொகுதியில் அதன் பெயர் `A-2`. அதில் பழைய ஆண்டுகளின் எண்கள் 2011-ஆம் ஆண்டின் மாவட்ட எல்லைக்கு ஏற்பப் பிரித்துத் தரப்பட்டிருக்கும். அதன்படி, இன்றைய தருமபுரி என்று நாம் சொல்லும் நிலப்பரப்பில் 2001-ல் இருந்தவர்கள் 12,95,182 பேர். கிருஷ்ணகிரியில் இருந்தவர்கள் 15,61,118 பேர். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 28,56,300. நான் முதலில் எடுத்த அதே எண், ஒரு ஆள் கூடக் குறையாமல். கூட்டல் இப்படிப் பொருந்தினால் காரணம் எல்லைதான் என்பது உறுதி.

ஆக, தருமபுரி 12,95,182-லிருந்து 15,06,843 ஆனது. குறையவே இல்லை. 16.34 விழுக்காடு கூடியிருக்கிறது. கிருஷ்ணகிரி 18,79,809-ஐத் தொட்டது, 20.41 விழுக்காடு வளர்ச்சி. என் ‘பெருமளவில் வெளியேறிய மக்கள்’ உண்மையில் ஊரிலேயே இருந்துகொண்டு பிள்ளைகுட்டிகளும் பெற்றிருக்கிறார்கள்.

இந்தப் பிழை தருமபுரிக்கு மட்டும் உரியதல்ல. ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் ஓசூருக்கு இருக்கும் 1,16,821 என்ற எண் அன்றைய நகராட்சி எல்லைக்குள் இருந்தவர்களுடையது. எல்லை அதன்பின் விரிந்தது. ஆகவே ‘ஓசூர் மாநகராட்சியின் மக்கள்தொகை 1,16,821’ என்று யாராவது எழுதியிருந்தால், பெயர் ஒரு காலத்தது, எண் இன்னொரு காலத்தது.

அறிகுறி: எண் சரியாக இரண்டு மடங்காகிறது

இது இணையத்தளத்தின் பிழை அல்ல, நம் கையின் பிழை. `censusindia.gov.in` தளத்திலிருந்து மாவட்டத்தின் முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கத்தை எக்செல் கோப்பாக இறக்கித் திறந்தால் `TRU` என்று ஒரு பத்தி இருக்கும். ஒரே மாவட்டத்துக்கு மூன்று வரிகள்: `Total`, `Rural`, `Urban`. அதாவது மொத்தம், ஊரகம், நகர்ப்புறம். மொத்தம் என்பதே மற்ற இரண்டின் கூட்டல். அது தெரியாமல் `TOT_P` பத்தியை அப்படியே கூட்டினால் 30,13,686 வரும். அது 15,06,843-இன் சரியான இரு மடங்கு. கோப்பில் வட்டங்களும் கிராமங்களும் சேர்ந்திருந்தால் இன்னும் பல மடங்காகும், அப்போது பிழை உடனே கண்ணில் படாது.

`TRU` பத்தியில் வடிகட்டி போட்டு `Total` மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு `Level` பத்தியில் உங்களுக்கு வேண்டிய நிலையை மட்டும் வையுங்கள்: மாவட்டமா, வட்டமா. கிராமங்கள் வேண்டுமென்றால் `TRU` பத்தியில் `Total`-க்குப் பதிலாக `Rural` வையுங்கள், கிராம வரிகளில் `Total` இராது. அதன்பின் கூட்டலாம்.

அறிகுறி: ஒரே ஆண்டு, ஒரே மாவட்டம், இரண்டு எண்கள்

2011-க்குத் தருமபுரியின் மக்கள்தொகை ஒரு தளத்தில் 15,02,900, இன்னொன்றில் 15,06,843 என்று இருக்கும். இரண்டுமே கணக்கெடுப்பை மேற்கோள் காட்டும். எது சரி என்று கேட்டால் பலர் ‘அரசுத் தளத்தில் இருப்பதுதான் சரி’ என்பார்கள். இங்கே அந்த விதி உதவாது. 15,02,900 என்பதும் அரசு வெளியிட்ட எண்தான்.

கணக்கெடுப்பு முடிந்த சூட்டில் 2011 மார்ச் இறுதியில் தற்காலிக எண்கள் வெளியாயின. படிவங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடித்த பிறகு, 2013-ல் இறுதி எண்கள் வந்தன. பத்திரிகைகளும் கலைக்களஞ்சியத் தளங்களும் முதலில் வந்ததைப் போட்டுவிட்டன. சில திருத்திக்கொண்டன, சில இன்றுவரை திருத்தவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தருமபுரியின் எண் இறுதியில் 3,943 கூடியது. கிருஷ்ணகிரியின் எண் 18,83,731-லிருந்து 18,79,809-க்கு இறங்கியது, 3,922 குறைவு. இரண்டு மாவட்டங்களையும் கூட்டினால் தற்காலிகத்துக்கும் இறுதிக்கும் இடையே 21 பேர்தான் வித்தியாசம். ஆகவே இதைத் தட்டச்சுப் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஒரு மாவட்டத்துக்குத் தற்காலிக எண்ணையும் அடுத்ததற்கு இறுதி எண்ணையும் எடுத்தால், கிட்டத்தட்ட நாலாயிரம் பேரை இரண்டு இடத்திலும் எண்ணிவிடுவோம், அல்லது இரண்டு இடத்திலும் விட்டுவிடுவோம். ஒப்பிடும் எண்கள் ஒரே கட்டத்தைச் சேர்ந்தவையாக இருப்பது இதனால்தான் முக்கியம்.

கையில் இருப்பது எந்தக் கட்டத்து எண் என்று எப்படி அறிவது? கோப்பின் தலைப்பில் `Provisional` என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தலைப்பு வெட்டப்பட்டிருந்தால் பட்டியல் சாதி, பழங்குடியினர் பத்திகளைத் தேடுங்கள். தற்காலிக வெளியீட்டில் அவை இல்லை, இறுதிச் சுருக்கத்தில் `P_SC`, `P_ST` என்று இருக்கும். அரூர் பக்கத்து மலைக் கிராமங்களைப் பற்றி எழுதுபவருக்கு அந்தப் பத்தி எப்படியும் தேவைப்படும்.

அறிகுறி: ‘தருமபுரி மக்கள்தொகை 2024’ என்று எண் கிடைக்கிறது, மூலம் கிடைக்கவில்லை

கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை. ‘2011 ரொம்பப் பழசு சார், புதுசா ஒன்று போடுங்கள்’ என்பார்கள். தேடினால் புதியதும் கிடைக்கிறது. நம்பத்தகுந்த தோற்றத்தில், கடைசி இலக்கம் வரை துல்லியமாக.

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு அடுத்தது நடக்கும் என்ற அறிவிக்கை 2025 ஜூன் 16-ல்தான் வந்தது. ஆக, 2011-க்குப் பின் தருமபுரியில் வீடு வீடாகப் போய் எல்லாத் தலைகளையும் எண்ணி வெளியிட்ட மக்கள்தொகை எதுவும் 2024-க்கு இருக்க வழியில்லை. இருப்பதெல்லாம் கணிப்பு.

கணிப்பிலும் அதிகாரபூர்வமானது உண்டு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் தேசிய மக்கள்தொகை ஆணையம் அமைத்த தொழில்நுட்பக் குழு, 2011 முதல் 2036 வரைக்கான கணிப்பை வெளியிட்டது. பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் செய்த வேலை. ஆனால் அது மாநில அளவோடு நின்றுவிடுகிறது. மாவட்டத்துக்கு அதில் எண் கிடையாது. எனவே ‘தொழில்நுட்பக் குழுவின் கணிப்புப்படி தருமபுரி’ என்று யாராவது எழுதியிருந்தால் அவர் அந்த அறிக்கையைத் திறந்து பார்க்கவில்லை என்று பொருள்.

அப்படியானால் தனியார் தளங்கள் எண்ணை எங்கிருந்து எடுக்கின்றன? ஒரு மாலை உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன். 2001-க்கும் 2011-க்கும் இடையே கூடியவர்கள் 2,11,661 பேர். ஆண்டுக்குச் சுமார் 21,166. இதைப் பதிமூன்று ஆண்டுகளுக்கு அப்படியே நீட்டினால் 2024-ல் ஏறத்தாழ 17.82 லட்சம் வரும். அதையே வட்டிக்கு வட்டி போடுவதுபோல, 16.34 விழுக்காட்டு வளர்ச்சியைத் தொடர்ந்து ஏற்றினால் ஏறத்தாழ 18.35 லட்சம். இரண்டுக்கும் இடையே ஐம்பதாயிரம் பேருக்கு மேல். ஒரே மூலத்திலிருந்து கணக்குப் போடும் முறை மாறியதால் மட்டும் வந்த வித்தியாசம் இது. உங்களுக்குக் கிடைத்த மர்ம எண்ணை இந்த இரண்டு முறையிலும் சோதித்துப் பாருங்கள். ஒன்றுக்கு அருகில் வந்து நின்றால் அது எங்கே பிறந்தது என்று தெரிந்துவிடும்.

இரண்டும் மிகை என்பதுதான் என் தீர்ப்பு. அதே தொழில்நுட்பக் குழு தமிழ்நாட்டுக்கு 2021-ல் கணித்தது சுமார் 7.64 கோடி. 2011-ல் மாநிலத்தின் மக்கள்தொகை 7,21,47,030. பத்தாண்டு வளர்ச்சி ஆறு விழுக்காட்டை ஒட்டியே வருகிறது, அதற்கு முந்தைய பத்தாண்டில் அது 15.6. மாநிலம் முழுவதும் வேகம் இப்படித் தணிந்திருக்கும்போது தருமபுரி மட்டும் பழைய 16 விழுக்காட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும் என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை.

ஆகவே அறிக்கையில் 2011 எண்ணையே போடுங்கள், ஆண்டைப் பக்கத்திலேயே எழுதுங்கள். இன்றைய நிலைக்கு ஓர் உத்தேசம் கட்டாயம் வேண்டுமென்றால் அதை ‘உத்தேசம்’ என்றே சொல்லி, எந்த வளர்ச்சி விகிதத்தில் போட்டீர்கள் என்பதையும் சொல்லி, ஆயிரத்துக்கு முழுமையாக்கிக் கொடுங்கள். 18,34,538 என்று ஒரு கணிப்பை எழுதுவது, வானத்தைப் பார்த்துவிட்டு மழை 4 மணி 17 நிமிடத்துக்கு வரும் என்பது போல.

அறிகுறி: எழுத்தறிவு ஓர் இடத்தில் 68, இன்னோர் இடத்தில் 61

படிப்பக அறிக்கைக்கு இதுதான் உயிர்நாடி. ஒரு தளம் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு என்றது. இன்னொன்று 61-ஐ ஒட்டிய எண்ணைத் தந்தது. இரண்டும் 2011. இரண்டிலும் எழுத்தறிவு பெற்றோர் எண்ணிக்கை ஒன்றே. எல்லைக் குழப்பம் இல்லை, தற்காலிகம், இறுதி என்ற குழப்பமும் இல்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

வகுத்தியில் இருந்தது சூட்சுமம். ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைக் கணக்கெடுப்பு எழுத்தறிவு பெற்றவர்களாகக் கொள்வதில்லை, பள்ளிக்குப் போனாலும் சரி. அதனால் விழுக்காடு கணக்கிடும்போது அந்தக் குழந்தைகளை மக்கள்தொகையிலிருந்தும் கழித்துவிடுகிறது. கோப்பின் பத்திப் பெயர்களிலேயே சூத்திரத்தைச் சொன்னால் இப்படி இருக்கும். எக்செலில் பெயர்களுக்குப் பதிலாக அந்தந்தக் கட்டங்களின் முகவரியைப் போட வேண்டும்:

```
=P_LIT/(TOT_P-P_06)*100
```

தருமபுரியில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் சுமார் 1.68 லட்சம். மொத்தத்தில் அவர்களைக் கழித்தால் சுமார் 13.39 லட்சம். எழுத்தறிவு பெற்றோர் சுமார் 9.18 லட்சம். வகுத்தால் 68.5 வருகிறது. குழந்தைகளைக் கழிக்க மறந்து முழு 15.07 லட்சத்தால் வகுத்தால் 60.9. முரண்பாடு தீர்ந்தது.

இதில் உண்மையான ஆபத்து, ஒரு வகை எண்ணை இன்னொரு வகையோடு ஒப்பிடுவது. தருமபுரியின் 61-ஐ எடுத்து, கிருஷ்ணகிரியின் 71.46-க்குப் பக்கத்தில் வைத்தால் பத்து விழுக்காடு பின்தங்கியதாகத் தெரியும். இரண்டையும் ஒரே முறையில் பார்த்தால் இடைவெளி மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. நிதி தருபவரிடம் பத்து என்று சொல்வது வசதியாக இருக்கலாம். சிவப்பு மை வைத்திருப்பவரிடம் சொல்வது வசதியல்ல.

இதே இடத்தில் மூன்றாவதாக ஓர் எண்ணும் தலை காட்டும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன் மாவட்ட அறிக்கைத் தாளில் பெண்களின் எழுத்தறிவு இருக்கிறது. கணக்கெடுப்பை விடப் புதியது, இதுவும் அரசுடையது. ஆனால் அது 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களைப் பற்றியது. படிக்காத பாட்டிமார் அந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார்கள். அத்துடன் அது மாவட்டத்தின் எல்லா வீடுகளையும் தட்டிய கணக்கும் அல்ல, தேர்ந்தெடுத்த சில நூறு வீடுகளில் கேட்ட மாதிரி ஆய்வு. ஆகவே 2011-இல் பெண்கள் எழுத்தறிவு இவ்வளவு, 2021-இல் இவ்வளவு, இவ்வளவு உயர்ந்துவிட்டது என்று இரண்டையும் கோடு போட்டு இணைக்கக் கூடாது. இரண்டு எண்ணையும் தனித்தனி வாக்கியத்தில் வைத்து, எந்த வயதினர் என்பதையும் சேர்த்து எழுதினால் இரண்டுமே பயன்படும்.

எது அதிக அதிகாரம் உள்ளது என்று என்னிடம் கேட்டால், கேள்வியைப் பொறுத்தது என்பேன். மொத்தம் எத்தனை பேர், எந்தக் கிராமத்தில் எத்தனை பேர் என்றால் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் கணக்கெடுப்புக்கு மேல் ஒன்றுமில்லை. இளம் பெண்களின் கல்வி, ஊட்டம், குழந்தைகளின் எடை என்றால் குடும்ப நல ஆய்வு. குடும்ப அட்டைகளின் எண்ணிக்கையோ வாக்காளர் பட்டியலோ மக்கள்தொகைக்கு மாற்று ஆகாது. அவை தத்தம் வேலைக்காக வைத்த பதிவேடுகள்; வெளியூர் போனவர் பெயரும் அதில் இருக்கலாம், குடிவந்தவர் பெயர் இல்லாமலும் இருக்கலாம்.

அறிகுறி: உங்கள் ஊரே பட்டியலில் இல்லை

என் அறிக்கைக்கு வேண்டியது நல்லம்பள்ளி வட்டத்தின் எண். 2011 கோப்பில் நல்லம்பள்ளி வட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை. கோப்பு பழுதோ என்று இரண்டு முறை இறக்கிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: 2011-ல் தருமபுரி மாவட்டத்தில் ஐந்து வட்டங்கள்தான். தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. நல்லம்பள்ளியும் காரிமங்கலமும் பின்னால் வந்தவை. கிருஷ்ணகிரியில் சூளகிரி, பர்கூர், அஞ்செட்டி வட்டங்களைத் தேடுபவருக்கும் இதே கதி.

இங்கே ஒரு பொறி. நல்லம்பள்ளி வட்டம் அன்று இல்லை, ஆனால் நல்லம்பள்ளி ஊராட்சி ஒன்றியம் இருந்தது. ஒன்றிய வாரியான கோப்பு ஒன்றும் 2011 தொகுதியில் தனியாக உண்டு. அதிலிருந்து நல்லம்பள்ளியின் எண்ணை எடுத்து ‘வட்டம்’ என்று எழுதிவிடுபவர்கள் பலர். வட்டம் வருவாய்த் துறையின் பிரிவு, ஒன்றியம் ஊரக வளர்ச்சித் துறையின் பிரிவு. பெயர் ஒன்றாக இருந்தாலும் கோடுகள் ஒன்றல்ல. தருமபுரி என்ற பெயரே நகராட்சி, வட்டம், ஒன்றியம், மாவட்டம், சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி என்று ஆறு வேறு நிலப்பரப்புகளுக்கு இருக்கிறது. நகராட்சியில் 2011-ல் 68,619 பேர், மாவட்டத்தில் 15 லட்சம். பெயரை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்போம் என்று பாருங்கள்.

வட்டத்தின் எண் வேண்டுமென்றால் கிராமம் கிராமமாகக் கூட்டியாக வேண்டும். இன்றைய நல்லம்பள்ளி வட்டத்தில் எந்தெந்த வருவாய் கிராமங்கள் இருக்கின்றன என்று `lgdirectory.gov.in` தளத்தில் பட்டியல் கிடைக்கும். அதில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும்: அந்தத் தளத்தின் சொந்தக் குறியீடு, 2011 கணக்கெடுப்பின் குறியீடு முதலியவை. 2011 குறியீட்டை எடுத்துக்கொண்டு கணக்கெடுப்புக் கோப்பில் தேடுங்கள். தருமபுரியின் மாவட்டக் குறியீடு அங்கே 630, கிருஷ்ணகிரிக்கு 631.

பெயரை வைத்துத் தேடாமல் குறியீட்டை வைத்துத் தேடச் சொல்வதற்குக் காரணம் எழுத்துக்கூட்டல். நாம் பாலக்கோடு என்று ஒரே மாதிரி எழுதுவதை ஆங்கில எழுத்தில் `Palacode` என்பார்கள் ஓர் அலுவலகத்தில், `Palakkodu` என்பார்கள் இன்னொன்றில். எக்செல் தேடும்போது இரண்டும் வேறு ஊர். குறியீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று: சுழியத்தில் தொடங்கும் எண்ணை எக்செல் தன் இஷ்டத்துக்கு வெட்டிவிடும். வட்டங்களின் ஐந்து இலக்கக் குறியீடு நான்கு இலக்கமாகத் தெரிந்தால் கோப்பை மீண்டும் ஏற்றி, ஏற்றும்போதே அந்தப் பத்திக்கு ‘உரை’ வடிவைத் தேர்ந்தெடுங்கள். கிராமம் என்று கணக்கெடுப்பு சொல்வது வருவாய் கிராமத்தை என்பதும் நினைவில் இருக்கட்டும். உங்கள் குக்கிராமம் அதற்குள் ஒரு பகுதியாக இருக்கும், தனி வரியாக இராது.

அறிகுறி: இணைப்பு திறக்கவில்லை, அல்லது நேற்றுப் புதுப்பித்ததாகக் காட்டுகிறது

பழைய அறிக்கைகளில் இருக்கும் கணக்கெடுப்பு இணைப்புகளில் பெரும்பாலானவை இப்போது செத்துவிட்டன. தளத்தை மாற்றியமைத்தபோது கோப்புகள் வேறு முகவரிக்குப் போய்விட்டன. கோப்பு போகவில்லை, முகவரிதான் போனது. தேடுபொறியில் இப்படித் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்:

```
site:censusindia.gov.in Dharmapuri "District Census Handbook" 2011
```

மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு இரண்டு பகுதியாக இருக்கும். ஏ பகுதியில் ஒவ்வோர் ஊரிலும் என்ன வசதி இருக்கிறது என்ற விவரம், பள்ளி, சாலை, தண்ணீர் முதலியவை. பி பகுதியில் ஊர் வாரியாக மக்கள்தொகைச் சுருக்கம். படிப்பகம் போன்ற வேலைக்கு இரண்டும் தேவை. தேடுபொறியிலும் வரவில்லை என்றால் செத்த முகவரியை `web.archive.org` தளத்தில் இட்டுப் பாருங்கள்.

தேதி விஷயத்தில் இன்னொரு கோணல். மாவட்ட நிர்வாகத்தின் தளங்களில் பக்கத்தின் அடியில் புதுப்பித்த தேதி இருக்கும். அது பெரும்பாலும் தளம் முழுவதற்குமான தேதி. எங்கோ ஓர் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பைச் சேர்த்தாலும் அந்தத் தேதி மாறும், மேலே இருக்கும் மக்கள்தொகை எண் 2011-லிருந்து அசையாமல் இருக்கும். `data.gov.in` தளத்திலும் ஏற்றிய தேதி, புதுப்பித்த தேதி என்று காட்டுவது கோப்பைப் பற்றியது. உள்ளே இருக்கும் தரவு எந்த ஆண்டுடையது என்பதைத் தலைப்பிலும் பத்திகளிலும்தான் பார்க்க வேண்டும். அங்கே வழங்கிய துறையின் பெயரும் இருக்கும். அந்தத் துறையே எண்ணியதா, பிறர் எண்ணியதை வாங்கி வைத்ததா என்று கேட்டு, எண்ணியவரின் தளத்துக்குப் போய் ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் போதும்.

இரண்டாவது முறை அறிக்கையை அனுப்பியபோது மாவட்ட அறிமுகத்தை இப்படி எழுதினேன்: ‘தருமபுரி மாவட்டம், 2011 கணக்கெடுப்பு, இறுதி எண், 2011 எல்லை: மக்கள்தொகை 15,06,843, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனோரில் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. நல்லம்பள்ளி வட்டத்தின் எண், இன்றைய வட்டத்துக்குட்பட்ட வருவாய் கிராமங்களின் 2011 எண்களைக் கூட்டிப் பெற்றது.’ முதல் முறை எழுதியதைப் போல ஓட்டமான நடை இல்லை. சிவப்பு வட்டமும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி இருந்தது: “கிராமங்களின் பட்டியலை இணைக்கவும்.” இணைத்தேன். எக்செலில் அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் 2027 என்று தலைப்பிட்ட ஒரு பத்தி காலியாக இருக்கிறது. அதில் முதலில் வரப்போவது தற்காலிக எண்ணாகத்தான் இருக்கும் என்பதால், அதற்கும் பக்கத்தில் இன்னொன்றைக் காலியாக விட்டிருக்கிறேன்.